மாணவர்கள் 800, பள்ளிகள் 20: திட்டப் பிழை எங்கே குறைந்துபோகிறது?

கேள்வி: 20 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 10 பள்ளிகளில் புதிய வாசிப்புப் பயிற்சியை நடத்தினோம், மற்ற 10 பள்ளிகளில் வழக்கமான பாடம்தான். பள்ளிக்கு 40 பேர், மொத்தம் 800 மாணவர்கள். பயிற்சி பெற்றவர்களின் சராசரி 4 மதிப்பெண் கூடுதல்; திட்ட விலக்கம் 15. சாதாரண t சோதனையில் p மதிப்பு 0.001-க்கும் கீழே வருகிறது. ஆனால் என் நெறியாளர், "மாணவர்கள் பள்ளிகளுக்குள் இருக்கிறார்கள், டிசைன் எஃபெக்டைப் பார்க்காமல் இதை நம்ப முடியாது" என்கிறார். 800 பேர் போதாதா? ஐ.சி.சி. வெறும் 0.2 தானே, அது அவ்வளவு பெரிய விஷயமா?

உங்கள் நெறியாளர் சொல்வது சரி. நீங்கள் தந்த எண்களை வைத்தே கணக்கிட்டால், சாதாரண t சோதனை காட்டும் திட்டப் பிழை 1.06 மதிப்பெண், பள்ளிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் கிடைக்கும் திட்டப் பிழை 3.15 மதிப்பெண். அதாவது உண்மையான நிச்சயமின்மை, உங்கள் மென்பொருள் அச்சிட்டுக் காட்டியதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. 3.77 என்று வந்த t மதிப்பு 1.27 ஆகக் குறைகிறது. P மதிப்பு 0.22 பக்கம் போய்விடுகிறது. 4 மதிப்பெண் என்ற வேறுபாட்டில் எந்த மாற்றமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மதிப்பீடு சரியாகவே இருக்கிறது. அதன் மேல் நாம் வைக்கும் நம்பிக்கையின் அளவுதான் தவறிவிட்டது.

இது எப்படி நேர்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். சாதாரண t சோதனை, 800 மதிப்பெண்களும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. அந்த அனுமானத்தின்படி ஒவ்வொரு பிரிவிலும் 400 தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன; எனவே வேறுபாட்டின் பரவற்படி 225 × (1/400 + 1/400) = 1.125, அதன் வர்க்கமூலம் 1.06. கணக்கில் பிழை இல்லை. அனுமானத்தில்தான் பிழை இருக்கிறது.

ஒரு மாணவரின் மதிப்பெண்ணை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது, அவர் சேர்ந்த பிரிவின் பொதுச் சராசரி. இரண்டாவது, அவருடைய பள்ளி அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பது. இந்தப் பகுதி அந்தப் பள்ளியின் 40 பேருக்கும் பொதுவானது. மூன்றாவது, அவருக்கே உரிய விலகல். மொத்தப் பரவற்படி 15-இன் வர்க்கம், அதாவது 225. ஐ.சி.சி. எனப்படும் உள்கொத்து ஒட்டுறவு 0.2 என்றால், இந்த 225-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 45, பள்ளிகளுக்கிடையேயான பரவற்படி. மீதமுள்ள 180 பள்ளிக்குள் மாணவர்களுக்கிடையே உள்ள பரவற்படி. வழக்கமான குறியீட்டில்:

```
ρ = τ² / (τ² + σ²) = 45 / (45 + 180) = 0.20
```

இந்த ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, மொத்த வேறுபாட்டில் பள்ளிகளுக்குச் சேரும் பங்கு. மற்றொன்று, ஒரே பள்ளியிலிருந்து ஏதேனும் இரண்டு மாணவர்களை எடுத்தால் அவர்களுடைய மதிப்பெண்களுக்கிடையே எதிர்பார்க்கக்கூடிய ஒட்டுறவு. மாணவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால்தான் இந்த ஒட்டுறவு வரும் என்பதில்லை. ஒரே ஆசிரியர், ஒரே தலைமை, ஒரே மாதிரியான குடும்பப் பின்னணி, சேர்க்கையின்போதே நடந்த வடிகட்டல் ஆகியவற்றில் எதுவாக இருந்தாலும், 40 பேரையும் சேர்த்தே மேலே தூக்கும் அல்லது கீழே இழுக்கும் ஒரு காரணம் இருந்தால் போதும். மாணவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தே இராவிட்டாலும் ஒட்டுறவு இருக்கும்.

இப்போது, பள்ளிகளுக்கிடையேயான 45 என்ற பரவற்படி நடைமுறையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். அதன் வர்க்கமூலம் 6.7. ஒரே பிரிவில் உள்ள பள்ளிகளின் உண்மையான சராசரிகள், பயிற்சி என்ற ஒன்று இல்லாமலேயே, 6.7 மதிப்பெண் திட்ட விலக்கத்தோடு சிதறிக் கிடக்கின்றன. நீங்கள் குலுக்கல் போட்டது இந்தப் பள்ளிகளைத்தான், மாணவர்களை அல்ல. ஒவ்வொரு பள்ளியின் உண்மைச் சராசரியும் துளிப் பிழையின்றி உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 10 பள்ளிகள் ஒரு பக்கம், 10 பள்ளிகள் மறுபக்கம் என்று குலுக்கலில் விழும்போது, இரு பக்கச் சராசரிகளின் வேறுபாட்டுக்கு 45/10 + 45/10 = 9 என்ற பரவற்படி, அதாவது 3 மதிப்பெண் திட்டப் பிழை, இருந்தே தீரும். பயிற்சியால் ஒரு பயனும் இல்லாவிட்டாலும் கொஞ்சம் நல்ல பள்ளிகள் ஒரு பக்கம் கூடுதலாக விழுவதால் 3 அல்லது 4 மதிப்பெண் வேறுபாடு சாதாரணமாக வந்துவிடும். 1.06 என்ற திட்டப் பிழை இந்தக் குலுக்கலின் தற்செயலை முழுவதுமாக மறந்துவிட்டது.

சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு பள்ளியை மட்டும் எடுத்துக் கையாலேயே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. அதன் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது. ஒரு பள்ளியின் 40 மதிப்பெண்களையும் கூட்டுகிறோம். அந்தக் கூட்டுத்தொகையின் பரவற்படியில் இரண்டு வகை உறுப்புகள் இருக்கின்றன. முதல் வகை, ஒவ்வொரு மாணவரின் சொந்தப் பரவற்படி: 40 உறுப்புகள், ஒவ்வொன்றும் 225, மொத்தம் 9,000. இரண்டாம் வகை, ஒருவரை மற்றொருவரோடு சேர்த்துப் பார்க்கும்போது வரும் கோவேரியன்ஸ்: 40 × 39 = 1,560 உறுப்புகள், ஒவ்வொன்றும் 0.2 × 225 = 45, மொத்தம் 70,200. சாதாரண t சோதனை 9,000-ஐ மட்டும் எண்ணிவிட்டு 70,200-ஐச் சுழி என்று விட்டுவிடுகிறது. உண்மையான கூட்டுத்தொகை 79,200. அதை 40-இன் வர்க்கமான 1,600-ஆல் வகுத்தால் பள்ளிச் சராசரியின் பரவற்படி 49.5. சாதாரண சோதனையின் கணக்கில் இது வெறும் 225/40 = 5.625.

இவ்விரண்டின் விகிதம் 8.8. அதுதான் உங்கள் நெறியாளர் குறிப்பிட்ட வடிவமைப்பு விளைவு. பொதுவாக, ஒவ்வொரு கொத்திலும், அதாவது இங்கே ஒவ்வொரு பள்ளியிலும், m பேர் இருந்தால்:

```
Deff = 1 + (m − 1) ρ = 1 + 39 × 0.2 = 8.8
```

மாதிரிக் கணக்கெடுப்புத் துறையில் இந்த அளவைப் பெயரிட்டுப் பரவலாக்கியவர் லெஸ்லி கிஷ். 1965-இல் வெளிவந்த அவருடைய பாடநூலிலிருந்தே பெரும்பாலோர் இதைக் கற்றார்கள். வடிவமைப்பு விளைவு பரவற்படியைப் பெருக்குகிறது. திட்டப் பிழையைப் பெருக்குவது அதன் வர்க்கமூலம். 8.8-இன் வர்க்கமூலம் 2.97, 1.06-ஐ அதனால் பெருக்கினால் 3.15. முழுக் கணக்கு வழியாகச் சென்றாலும் அதே விடைதான்: பள்ளிச் சராசரியின் பரவற்படி 49.5, 10 பள்ளிகளின் சராசரிக்கு 4.95, இரு பிரிவுகளின் வேறுபாட்டுக்கு 9.9, அதன் வர்க்கமூலம் 3.15.

"வெறும் 0.2 தானே" என்ற உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. ஐ.சி.சி.யை ஒரு சாதாரண ஒட்டுறவுக் கெழுவைப் போலப் பார்த்து, 0.2 என்பது பலவீனமான உறவு என்று முடிவு கட்டுவது மிகவும் பரவலான பழக்கம். ஆனால் அது இங்கே தனியாக வேலை செய்வதில்லை, 39-ஆல் பெருக்கப்படுகிறது. ஒரு மாணவரின் மதிப்பெண், மற்ற 39 பேரில் ஒவ்வொருவரோடும் சிறிதளவு சேர்ந்து அசைகிறது. 1,560 சிறிய எண்கள் சேர்ந்தால் 40 பெரிய எண்களை மூழ்கடித்துவிடும். ஐ.சி.சி. 0.02 ஆக இருந்தால்கூட, இதே 40 பேருக்கு வடிவமைப்பு விளைவு 1.78 ஆகிறது, திட்டப் பிழை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆகவே "ஐ.சி.சி. சிறியது, விட்டுவிடலாம்" என்று சொல்வதற்கு முன், ஒரு கொத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்பது அவசியம். பள்ளித் தேர்வு மதிப்பெண்களைப் பொறுத்தவரை 0.2 என்பது வழக்கத்துக்கு மாறான எண்ணும் அல்ல. அமெரிக்கப் பள்ளித் தரவுகளைத் தொகுத்து 2007-இல் ஹெட்ஜஸ், ஹெட்பர்க் இருவரும் வெளியிட்ட அட்டவணைகளில், எந்தப் பின்னணி மாறியையும் சேர்க்காதபோது வரும் மதிப்புகள் சராசரியாக 0.2-ஐ ஒட்டியே இருந்தன. மாணவர்களை இளம் வயதிலேயே வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பும் நாடுகளில் அது இன்னும் மிக அதிகம்.

இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பார்த்தால் "800 பேர் போதாதா" என்பதற்கும் பதில் கிடைக்கும். 800-ஐ 8.8-ஆல் வகுத்தால் 91. ஒன்றையொன்று சாராத 91 மாணவர்களைத் தனித்தனியாகக் குலுக்கலில் பிரித்திருந்தால் எவ்வளவு துல்லியம் கிடைத்திருக்குமோ, அதே துல்லியம்தான் உங்கள் 800 பேரிடமிருந்து கிடைக்கிறது. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அதே 20 பள்ளிகளில் பள்ளிக்கு 80 பேர் என்று 1,600 மாணவர்களைச் சோதித்திருந்தாலும் இந்த 91 என்பது 95 ஆகத்தான் உயர்ந்திருக்கும். எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அது 20/0.2 = 100-ஐத் தாண்டாது. திட்டப் பிழையும் 3 மதிப்பெண்ணுக்குக் கீழே இறங்காது. ஏனென்றால், மாணவர்களைக் கூட்டுவதால் அந்தந்தப் பள்ளியின் சராசரியை இன்னும் துல்லியமாக அறிகிறோமே தவிர, புதிய பள்ளி எதையும் அறிவதில்லை. மாறாக, அதே 800 பேரை 40 பள்ளிகளில் பள்ளிக்கு 20 பேராக எடுத்திருந்தால் திட்டப் பிழை 2.32 ஆகியிருக்கும். தேர்வு எழுதியோரின் எண்ணிக்கை மாறவே இல்லை. ஆனாலும் துல்லியம் கணிசமாகக் கூடுகிறது.

திட்டப் பிழையைக் குறைத்துக் காட்டுவதன் விளைவை இன்னொரு வகையிலும் அளந்து பார்க்க வேண்டும். பயிற்சியால் உண்மையில் எந்தப் பயனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத அளவில் சோதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, t மதிப்பு 1.96-ஐத் தாண்டினால் "பயன் உண்டு" என்று அறிவிக்கிறோம். ஆனால் நாம் பயன்படுத்தும் t மதிப்பு 2.97 மடங்கு ஊதிப்போனது. எனவே உண்மையான அளவுகோலில் 0.66-ஐத் தாண்டினாலே அறிவித்துவிடுகிறோம். அப்படித் தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழ 51 சதவீதம். அதாவது ஒரு பயனும் இல்லாத பயிற்சிகளை இதே வடிவமைப்பில் சோதித்தால், அவற்றில் பாதிக்குப் பயன் இருப்பதாகவோ தீங்கு இருப்பதாகவோ முடிவு வரும். நூற்றுக்கு ஐந்து பிழை என்று வாசகருக்கு உறுதியளித்துவிட்டு இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் பிழை செய்வது, என்னைப் பொறுத்தவரை, இந்தத் துறையில் நடக்கக்கூடிய மிகக் கடுமையான தவறுகளில் ஒன்று. ஏனெனில் அந்த அறிக்கையின் அட்டவணையில் இதைக் காட்டிக்கொடுக்கும் எந்தத் தடயமும் இராது.

கல்வி ஆராய்ச்சி வரலாற்றில் இதற்குத் தெளிவான முன்னுதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் நெவில் பென்னட் 1976-இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் கற்பித்தல் பாணிகளை ஒப்பிட்டு, முறைசார்ந்த பாணியில் கற்ற மாணவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள் என்று முடிவு சொன்னார். அது பரவலான விவாதத்தைக் கிளப்பியது. அந்தப் பகுப்பாய்வில் அலகு மாணவர். ஆனால் பாணி என்பது ஆசிரியருக்கு உரியது, ஒரு வகுப்பு முழுமைக்கும் ஒன்றே. 1981-இல் எய்ட்கின், ஆண்டர்சன், ஹிண்ட் மூவரும் மாணவர்கள் வகுப்புகளுக்குள் இருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அதே தரவை மீண்டும் பகுத்தாய்ந்தபோது, அந்த வேறுபாடுகள் புள்ளியியல் முக்கியத்துவத்தை இழந்தன. மருத்துவ ஆய்வுத் துறையில், குழுக்களாகப் பிரித்துச் சோதித்துவிட்டுத் தனிநபர்களாகப் பகுத்தாய்வது பற்றி 1978-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் இதே எச்சரிக்கையை விடுத்திருந்தார்.

இனி உங்கள் தரவுக்கு வருவோம். ஐ.சி.சி.யை 0.2 என்று நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைச் சரிபாருங்கள். உங்கள் தரவிலிருந்தே கணக்கிட்டிருந்தால், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பள்ளிகளை ஒப்பிட்டுத்தான் கணக்கிட வேண்டும். இரு பிரிவுகளையும் கலந்து 20 பள்ளிகளையும் ஒன்றாக ஒப்பிட்டால், பயிற்சியின் விளைவும் பள்ளி வேறுபாடாகக் கணக்கில் ஏறிவிடும். பிரிவுகளுக்குள் செய்யும் மாறுபாட்டுப் பகுப்பாய்வில், பள்ளிகளுக்கிடையேயான சராசரி வர்க்கம் 1,980 என்றும் பள்ளிக்குள் சராசரி வர்க்கம் 180 என்றும் வந்தால், மதிப்பீடு இவ்வாறு கிடைக்கும்:

```
ρ = (MSB − MSW) / (MSB + (m − 1) MSW)
  = (1980 − 180) / (1980 + 39 × 180) = 1800 / 9000 = 0.20
```

இந்த மதிப்பீடே 18 வரையற்ற பாகைகளை மட்டும் நம்பி நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.11 முதல் 0.37 வரை பரவியிருக்கிறது. ஐ.சி.சி. சுழியா என்று முதலில் சோதித்து, "சுழி என்பதை மறுக்க முடியவில்லை" என்று வந்தால் சாதாரண t சோதனைக்கே போகலாம் என்று சிலர் அறிவுரை சொல்வதுண்டு. பள்ளிகள் குறைவாக இருக்கும்போது அந்தச் சோதனைக்கு ஆற்றல் மிகக் குறைவு, 0.02 போன்ற ஒரு மதிப்பை அது எளிதில் தவறவிடும், அந்த 0.02 என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம். குலுக்கல் பள்ளி அளவில் நடந்திருந்தால், ஐ.சி.சி. எவ்வளவு இருந்தாலும் பகுப்பாய்வு பள்ளியைக் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

செய்ய வேண்டிய பகுப்பாய்வு கடினமானதல்ல. பள்ளிக்கு 40 பேர் என்று எல்லாப் பள்ளிகளிலும் ஒரே எண்ணிக்கை இருப்பதால், மிக எளிய வழியே இங்கு மிகச் சரியான வழியும் ஆகும்: ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சராசரி, மொத்தம் 20 எண்கள், அவற்றின் மேல் 18 வரையற்ற பாகைகளோடு ஒரு t சோதனை. R மென்பொருளில்:

```r
s <- aggregate(mark ~ school + treat, data = d, FUN = mean)
t.test(mark ~ treat, data = s, var.equal = TRUE)
```

800 எண்களை 20 ஆகச் சுருக்கினால் தகவல் வீணாகிறதே என்று பலர் தயங்குகிறார்கள். பயிற்சியின் விளைவைப் பொறுத்தவரை வீணாவது எதுவும் இல்லை. மாணவர்களின் மதிப்பெண்கள் எவ்வளவு துல்லியத்தைத் தர முடியுமோ அதுவெல்லாம் அந்தப் பள்ளிச் சராசரிகளுக்குள்ளேயே அடங்கிவிட்டது. பள்ளிகளின் அளவு வேறுபட்டாலோ, மாணவர் நிலையில் மாறிகளைச் சேர்க்க விரும்பினாலோ பல்மட்ட மாதிரி வசதியானது:

```r
library(lmerTest)
fit <- lmer(mark ~ treat + (1 | school), data = d)
summary(fit)
```

உங்கள் தரவில் இரண்டு வழிகளும் ஒரே திட்டப் பிழையைத் தர வேண்டும். தராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது, வெளியீட்டில் `Number of obs: 800, groups: school, 20` என்று வரும் வரி. அங்கே 20-க்குப் பதிலாக 10 என்று இருந்தால், பயிற்சிப் பிரிவின் பள்ளிகளுக்கும் மற்றப் பிரிவின் பள்ளிகளுக்கும் 1 முதல் 10 வரை ஒரே எண்களைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். மென்பொருள் இரு வெவ்வேறு பள்ளிகளை ஒரே பள்ளி என்று எண்ணி, ஒரே பள்ளிக்குள் பாதிப் பேர் பயிற்சி பெற்றதாகக் கருதும். திட்டப் பிழை மறுபடியும் தவறிப்போகும். இதற்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. அதே வெளியீட்டில் `treat` வரியின் வரையற்ற பாகை 18-ஐ ஒட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். 798 என்று இருந்தால் பள்ளி உங்கள் மாதிரிக்குள் வரவில்லை.

மூன்றாவது வழியாக, சாதாரணப் பின்னடைவை ஓட்டிவிட்டுக் கொத்து வாரியாகத் திருத்தப்பட்ட வலுவான திட்டப் பிழைகளைப் போடுவதும் வழக்கத்தில் இருக்கிறது. பொருளாதாரத் துறையில் அதுவே முதல் தெரிவு. அது ஐ.சி.சி. எல்லாப் பள்ளிகளிலும் ஒன்றே என்று கோருவதில்லை. அது பெரிய நன்மை. ஆனால் அதன் நியாயம் கொத்துகளின் எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போதுதான் நிற்கிறது. 20 பள்ளிகளோடு அதைத் திருத்தமின்றிப் பயன்படுத்தினால் திட்டப் பிழை மீண்டும் சற்றுக் குறைவாகவே வரும். பயன்படுத்துவதாக இருந்தால், சிறு எண்ணிக்கைக்கான திருத்தத்தோடும், சாதாரண இயல்நிலைப் பரவலுக்குப் பதிலாக t பரவலோடும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நிலையான மாறியைச் சேர்ப்பது உங்கள் வடிவமைப்பில் இயலாது. ஒரு பள்ளி முழுவதும் ஒரே பிரிவில் இருப்பதால் பயிற்சியின் விளைவும் பள்ளியின் விளைவும் அங்கே பிரிக்க முடியாதபடி கலந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்த்திசைத் தவறையும் சொல்லியாக வேண்டும். மாணவர்கள் பள்ளிகளுக்குள் இருக்கிறார்கள் என்பதற்காக எந்த ஆய்வின் திட்டப் பிழையையும் கண்ணை மூடிக்கொண்டு வடிவமைப்பு விளைவால் பெருக்கிவிடக் கூடாது. பெருக்கி எவ்வளவு என்பது, நீங்கள் ஆராயும் காரணி பள்ளிகளுக்குள் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிரென்ட் மோல்டன் 1986-இலும் 1990-இலும் எழுதிய கட்டுரைகள் பின்னடைவுக்கு இதைத் தெளிவாக்கின. கொத்துகளின் அளவு ஒன்றாக இருந்தால், பெருக்கி இப்படி அமையும்:

```
1 + (m − 1) ρx ρe
```

இதில் `ρe` என்பது மதிப்பெண்களின் ஐ.சி.சி.; `ρx` என்பது அந்தக் காரணியின் ஐ.சி.சி. உங்கள் ஆய்வில் ஒரு பள்ளியில் எல்லோரும் பயிற்சி பெறுகிறார்கள், அல்லது ஒருவரும் பெறுவதில்லை. எனவே `ρx` 1, வடிவமைப்பு விளைவு முழு வலிமையோடு இறங்குகிறது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் 40 பேரில் 20 பேரைக் குலுக்கலில் தேர்ந்து பயிற்சி அளித்திருந்தால், பள்ளி நல்லதோ கெட்டதோ அது இரு பிரிவுகளையும் சமமாகவே தொட்டிருக்கும். வேறுபாட்டைக் கணக்கிடும்போது பள்ளியின் பங்கு கழிந்துபோயிருக்கும். அப்போது பள்ளிக்குள் பரவற்படியான 180 மட்டுமே மிஞ்சும். திட்டப் பிழை 0.95, அதாவது சாதாரண t சோதனை சொல்லும் 1.06-ஐ விடவும் குறைவு. அந்த வடிவமைப்பில் பள்ளியைப் புறக்கணித்தால் திட்டப் பிழை சற்று மிகையாகத் தெரியும். பயிற்சியின் பயன் பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டால், அந்த வேறுபாடு மட்டும் அங்கே தனியாகக் கணக்கில் சேரும். ஆனால் ஒரே பள்ளிக்குள் பயிற்சி பெற்றவர், பெறாத நண்பருக்குச் சொல்லிக்கொடுக்கும் கசிவு அபாயம் இருப்பதால்தான் பலரும் பள்ளி முழுவதையும் ஒரே பிரிவில் வைக்கிறார்கள். உங்கள் ஆய்வும் அந்தக் காரணத்தால் அப்படி அமைந்திருக்கலாம். அது நியாயமான தெரிவே.

உங்கள் முடிவை இப்போது எப்படி எழுதுவது? வேறுபாடு 4 மதிப்பெண். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி −2.6 முதல் 10.6 வரை. சாதாரண சோதனை தந்தது 1.9 முதல் 6.1 வரை. பயிற்சி பயனற்றது என்று இந்த இடைவெளி சொல்லவில்லை. 10 மதிப்பெண் பயன்கூட இதற்குள் அடங்குகிறது. 20 பள்ளிகளால் இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்பதே அதன் பொருள்.

ஆனால் பள்ளிகளைக் கூட்டாமலேயே துல்லியத்தைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது: பயிற்சி தொடங்குவதற்கு முன் எடுத்த தேர்வு மதிப்பெண். பள்ளிகள் ஏற்கெனவே வேறுபட்டிருந்ததுதான் உங்கள் திட்டப் பிழையின் பெரும்பகுதி. முன்தேர்வு அந்த வேறுபாட்டை நேரடியாக அளக்கிறது. பேச்சுக்கு, முன்தேர்வின் மதிப்பெண்ணும் அதன் பள்ளிச் சராசரியும் சேர்ந்து, பள்ளிகளுக்கிடையேயான பரவற்படியில் முக்கால் பங்கையும் பள்ளிக்குள் பரவற்படியில் பாதியையும் விளக்கிவிடுகின்றன என்று கொள்வோம். 45 என்பது 11.25 ஆகவும், 180 என்பது 90 ஆகவும் குறையும். பள்ளிச் சராசரியின் பரவற்படி 11.25 + 90/40 = 13.5, வேறுபாட்டின் பரவற்படி 2.7, திட்டப் பிழை 1.64. வேறுபாடு 4 ஆகவே நீடித்தால் t மதிப்பு 2.43, ஒரு பாகை குறைந்து 17 வரையற்ற பாகைகளோடு p மதிப்பு 0.03-ஐ ஒட்டி வரும். எஞ்சிய ஐ.சி.சி. 0.11 ஆகக் குறைந்திருந்தாலும், இங்கே உதவியது அந்த விகிதம் குறைந்ததல்ல. பள்ளிகளுக்கிடையே எஞ்சிய பரவற்படி 45-இலிருந்து 11.25-க்கு இறங்கியதுதான்.

பள்ளிகளிடம் முன்தேர்வு மதிப்பெண்கள் இருக்கின்றனவா என்று உடனே விசாரியுங்கள். முந்தைய ஆண்டின் பள்ளிச் சராசரி மட்டும் கிடைத்தாலும் போதும், பயனில் பெரும்பகுதி அதிலிருந்தே வரும். மாணவர்கள் பயிற்சியில் சேர்வதற்கு முன்பே பதிவான எண்ணாக அது இருக்க வேண்டும். நடுவில் எடுத்த தேர்வைச் சேர்த்தால் பயிற்சியின் விளைவையே கழித்துவிடுவீர்கள். 4 மதிப்பெண்ணைப் பார்த்துவிட்ட பிறகு மாறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து p மதிப்பு இறங்கும்வரை முயல்வதும் கூடாது. எந்த முன்தேர்வைச் சேர்க்கப்போகிறீர்கள் என்பதை மாதிரியை ஓட்டுவதற்கு முன்பே நெறியாளரோடு பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்த முடிவையும் சரிசெய்யாத முடிவையும் அட்டவணையில் அருகருகே கொடுங்கள்.